சொல் இல்லாமல் வரும் படம்

ரம்புக்கனைக்குப் பக்கத்தில் ஒரு இறப்பர் தோட்டம். பால் வெட்டி ஓய்ந்த ஆச்சி ஒருவர் லயத்துக் காம்பராவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கண் அழுத்த நோயால் ஓரப் பார்வை போய்விட்டது. நேரே இருப்பதுகூட மங்கல்தான். கொழும்பில் வேலை செய்யும் பேரன் ரம்புக்கனை புகையிரத நிலையத்தில் எடுத்த ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். கூட ஒரு சொல்லும் இல்லை. படத்துக்குள்ளும் எழுத்து எதுவும் தெரியவில்லை, பெயர்ப்பலகை சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஆச்சியின் கைத்தொலைபேசி எழுத்தைக் கண்டால் வாசித்துக் காட்டும். இங்கே அது ‘படம்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது.

அடுத்த வழி, படத்தை விவரிக்கும் செயலி. டென்மார்க்கில் தொடங்கி 2015இல் வெளிவந்த பீ மை ஐஸ் முதலில் தன்னார்வலர்களைக் காணொளி அழைப்பில் இணைத்தது. 2023இல் செயற்கை நுண்ணறிவு விவரிப்பையும் சேர்த்துக்கொண்டது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அதற்குப் பகிர்ந்தால் சில நொடிகளில் விவரணை வரும், மேற்கொண்டு கேள்வியும் கேட்கலாம்.

இத்தகைய செயலிகளின் விவரணை பெரும்பாலும் இப்படி இருக்கும்: புகையிரத மேடை, மேலே தகரக் கூரை, பின்னால் பச்சை மலை, வானத்தில் மேகம், நடுவில் கண்ணாடி அணிந்த இளைஞர், அவர் பயணத்தை எதிர்நோக்கும் மகிழ்ச்சியில் இருக்கிறார். அதற்குப் பிறகு, பக்கத்தில் ஒரு பெண் பை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று முடியும். பேரன் படம் அனுப்பிய காரணமே அந்தப் பெண்ணாக இருக்கலாம். அந்தச் செய்தி வருவதற்குள் ஆச்சி அரை நிமிடம் மேகத்தையும் கூரையையும் கேட்டு முடித்திருப்பார்.

பார்க்கிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. கண் நேராக முகத்துக்குப் போய், வேண்டுமென்றால்தான் கூரைக்கு ஏறும். காதுக்கு அந்த வசதி கிடையாது, சொல்லப்படும் வரிசையிலேயே கேட்க வேண்டும். அதனால் எவ்வளவு சொல்வது என்பதைவிட எதை முதலில் சொல்வது என்பதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். ‘புகையிரத மேடையில் கண்ணாடி அணிந்த இளைஞரும் ஒரு பெண்ணும் அருகருகே நிற்கிறார்கள், பெண்ணின் கையில் பை இருக்கிறது, இருவரும் கமராவைப் பார்க்கிறார்கள்.’ இந்த ஒரு வாக்கியம் போதும். மலை எப்படி, அவள் என்ன உடுத்திருக்கிறாள் என்பதை ஆச்சி கேட்டால் சொல்லலாம்.

இளைஞரின் பெயரைச் செயலி சொல்லாது, சொல்லவும் தேவையில்லை. அனுப்பியவர் யார் என்பது ஆச்சிக்குத் தெரியும். ‘மெலிந்தவர், தாடி வைத்திருக்கிறார்’ என்ற அடையாளம் கிடைத்தால் மிச்சத்தை அவரே பொருத்திக்கொள்வார். ஆனால் ‘பயண மகிழ்ச்சி’ என்பது படத்தில் இல்லாத ஊகம். ‘கண்டி நிலையம்’ என்று இடத்தை ஊகிப்பது இன்னும் மோசம். மலையும் தண்டவாளமும் இருந்தால் கண்டியாகிவிடாது. ட்விட்டர் படங்களுக்கு இயந்திரம் தந்த விவரணைகளை விழிப்புலனற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2017இல் ஒரு ஆய்வு பார்த்தது. விவரணை பொருந்தாதபோதும் அவர்கள் அதை நம்பி, இடைவெளியைத் தாங்களே ஒரு கதையால் நிரப்பிக்கொண்டார்கள். சரிபார்க்க வேறு வழி இல்லாதவரிடம் உறுதியான தொனியில் ஊகத்தைச் சொல்வது அவரை ஏமாற்றுவதற்குச் சமம். ‘இடம் எதுவென்று படத்தில் தெரியவில்லை’ என்பதும் விவரணையின் பகுதிதான்.

ஆச்சி தானே எடுக்கும் படத்துக்கு வேறொன்றும் தேவைப்படும். அமெரிக்காவில் விஸ்விஸ் என்ற செயலியில் விழிப்புலனற்றோர் படம் எடுத்துக் கேள்வி கேட்டார்கள். அப்படிச் சேர்ந்த 31,000க்கும் மேற்பட்ட கேள்விகளை 2018இல் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, கால் பங்குக்கு மேல் அந்தப் படத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாதவை என்று தெரிந்தது. படம் மங்கல், அல்லது இருட்டு, அல்லது பொருள் சட்டத்துக்கு வெளியே. இங்கே முதல் வாக்கியம் படத்தின் நிலையைச் சொல்ல வேண்டும்: ‘படத்தில் சேலையின் வலப்பக்கம் விடுபட்டிருக்கிறது, கைத்தொலைபேசியைக் கொஞ்சம் பின்னால் எடுங்கள்.’

நிறமும் அப்படித்தான். காம்பராவின் மஞ்சள் விளக்கில் வெள்ளைச் சேலை இளமஞ்சளாகத் தோன்றும். ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்து, இரண்டு பதிலும் ஒன்றானால் நம்பலாம். ஆச்சிக்கு ஒருகாலத்தில் பார்வை இருந்தது, நிறத்தின் பெயர் சொன்னாலே போதும், அது மனதில் வந்துவிடும்.

உறையிலிருந்து எடுத்த வெள்ளை மாத்திரையின் படத்துக்கு மட்டும் எவ்வளவு நீண்ட விவரணையும் உதவாது. எழுத்தில்லாத வட்ட வெள்ளை மாத்திரைகள் நிறைய உண்டு, ‘வட்டமான வெள்ளை மாத்திரை’ என்பதற்கு மேல் சொல்லும் எதையும் ஆச்சி நம்பக்கூடாது. அதற்கு உறையையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒரு ஆள்தான் வேண்டும்.