குழலில் எழுதியிருக்கும் எண் சொல்வது என்ன?

எதிர்வீட்டுச் சிறுவன் திருவிழாக் கடையில் வாங்கிய பைனாகுலரை எடுத்துக்கொண்டு வந்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கண் வைக்கும் இடத்துக்கு அருகே 30×60 என்றும், அதன் கீழே 126 மீ / 1000 மீ என்றும் பொறித்திருந்தது. “முப்பது மடங்கு பெருசாக் காட்டுமாம் மாமா. ஆனா நட்சத்திரம் ஒண்ணும் சரியாத் தெரியலையே?” என்றான். அவன் கேள்விக்கான பதில் அந்த எண்களிலேயே இருந்தது.

எந்த பைனாகுலரிலும் இப்படி இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். 7×50 என்றால் 700 மீட்டர் தொலைவில் உள்ள மரம் 100 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். ஒளி உள்ளே வரும் வாசல் அதுதான். வாசல் எவ்வளவு அகலமோ, அவ்வளவு மங்கலான நட்சத்திரமும் கண்ணுக்கு எட்டும்.

இரண்டாவது எண்ணைச் சரிபார்க்கப் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். சிறுவனின் பைனாகுலரில் முன் லென்ஸின் குறுக்கே ஸ்கேலை வைத்தோம். பொறித்திருந்தது 60, அளவில் வந்தது 25 மில்லிமீட்டர். பாதிகூட இல்லை.

அடுத்தது முதல் எண். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, பகல் வெளிச்சமுள்ள வானத்தை நோக்கித் திருப்பி, கண் வைக்கும் லென்ஸைச் சற்றுத் தள்ளியிருந்து பார்த்தால், அதன் நடுவே சிறிய ஒளிவட்டம் ஒன்று மிதக்கும். முன் லென்ஸில் நுழைந்த ஒளி முழுவதும் அந்த வட்டமாகக் குறுகித்தான் நம் கண்ணுக்குள் போகிறது. முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த வட்டத்தின் விட்டம். 7×50 பைனாகுலரில் 50ஐ 7ஆல் வகுத்தால் சுமார் 7 மில்லிமீட்டர். இதையே திருப்பிப் போட்டால் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். சிறுவனின் பைனாகுலரில் ஒளிவட்டம் 3 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது. 25ஐ 3ஆல் வகுத்தால் எட்டுக்குச் சற்று மேல். முப்பது மடங்கு என்று எழுதியிருந்தது உண்மையில் எட்டு மடங்குதான்.

சில மலிவுக் கருவிகளில் குழலுக்குள் ஒரு வளையத்தை வைத்து ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்திருப்பார்கள். அப்போது ஒளிவட்டம் சிறுத்து, கணக்கில் உருப்பெருக்கம் கூடுதலாக வரும். அதனால் இன்னொரு வழியிலும் பார்த்துவிடுவது நல்லது. தூரத்தில் தெரியும் செங்கல் சுவரை ஒரு கண்ணால் பைனாகுலர் வழியாகவும் மறு கண்ணால் வெறுமனேயும் சேர்ந்தாற்போல் பாருங்கள். பெரிதாகத் தெரியும் ஒரு செங்கல் வரிசையின் உயரத்துக்குள், வெறுங்கண்ணில் தெரியும் எத்தனை வரிசைகள் அடங்குகின்றன என்று எண்ணினால் அதுவே உருப்பெருக்கம். இரண்டு படங்களையும் மனம் ஒன்றாகப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். நாங்கள் எண்ணியபோதும் எட்டுதான் வந்தது.

மூன்றாவது பொறிப்பும் அதையே சொன்னது. 126 மீ / 1000 மீ என்றால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் 126 மீட்டர் அகலமுள்ள இடம் ஒரே பார்வையில் தெரியும் என்று பொருள். அந்தத் தொலைவில் ஒரு பாகை சுமார் 17.5 மீட்டர். ஆகவே 126 மீட்டர் என்பது 7.2 பாகை. இதை உருப்பெருக்கத்தால் பெருக்கினால், கண்முன் விரியும் காட்சியின் அகலம் ஏறத்தாழக் கிடைக்கும். சாதாரண பைனாகுலர்களில் அது 50 முதல் 65 பாகைக்குள் இருக்கும். 7.2ஐ முப்பதால் பெருக்கினால் 216 பாகை. தலைக்குப் பின்னால் இருப்பதும் தெரிந்தால்தான் அது நடக்கும். எட்டால் பெருக்கினால் 58. எனவே கடையில் வாங்கும் முன்பே, பொறித்த எண்களைப் பெருக்கிப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம்.

தொலைநோக்கியில் எழுத்துமுறை வேறு. குழலில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தை அடுத்து 70 என்றும், ‘எஃப்’ என்ற எழுத்தை அடுத்து 700 என்றும் இருந்தால், முன் லென்ஸின் விட்டம் 70 மில்லிமீட்டர், குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். உருப்பெருக்கம் குழலில் இருக்காது. அது நாம் செருகும் கண்ணருகு லென்ஸைப் பொறுத்தது. அந்தச் சிறு லென்ஸின் மேல் 25, 10, 4 என்று ஓர் எண் இருக்கும். 700ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். 25 என்றால் 28 மடங்கு, 10 என்றால் 70 மடங்கு, 4 என்றால் 175 மடங்கு. மும்மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் நடுவில் சேர்த்தால் 525. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போடுவது இந்த 525ஐத்தான்.

ஆனால் 70 மில்லிமீட்டர் லென்ஸால் அதைத் தாங்க முடியாது. விட்டத்தின் மில்லிமீட்டர் எண்ணைப்போல் இரு மடங்கு, அதாவது இங்கே 140, பயனுள்ள பெருக்கத்தின் மேல் எல்லை. அதுவும் காற்று அசையாத இரவில்தான். அதைத் தாண்டினால் படம் பெரிதாகும். புதிதாக எதுவும் தெரியாது. மங்கலும் கலங்கலும்தான் கூடும். போதாததற்குப் பூமியின் சுழற்சியால் வானம் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. 525 மடங்கில் தெரியும் வானத்தின் அகலமோ பாகையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சனியைப் பிடித்துக் குவியம் சரிசெய்வதற்குள் அது காட்சியைவிட்டு ஓடிவிடும். மெல்லிய ஸ்டாண்டின் நடுக்கமும் அதே 525 மடங்காகத் தெரியும்.

ஆகவே தொலைநோக்கி வாங்குபவர் முதலில் 25 லென்ஸைச் செருகட்டும். 28 மடங்கில் நிலா முழுதாக அடங்கும். வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் வரிசையாகத் தெரியும். சனியைச் சுற்றி ஏதோ இருப்பது புலப்படும். பிறகு 10 லென்ஸுக்கு மாறினால் 70 மடங்கில் சனியின் வளையம் தெளிவாகப் பிரிந்து நிற்கும். பெட்டியில் சூரியன் என்று பொறித்து, கண்ணருகு லென்ஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி இருந்தால் அதை எறிந்துவிடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது நொடியில் விரிசல் விட்டுப் பார்வையைப் பறித்துவிடும்.

பைனாகுலரில் எல்லையை வைப்பது நம் கை. பத்து மடங்கைத் தாண்டினால் கைநடுக்கத்தில் நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் கோடாக ஆடும். ஸ்டாண்ட் இல்லாமல் பார்க்க முடியாது. ஒளிவட்டத்துக்கும் ஓர் அளவு உண்டு. இருட்டில் இளைஞரின் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். ஐம்பது வயதைக் கடந்த பலருக்கு 5 அளவில் நின்றுவிடும். அவர்கள் 7×50 வாங்கினால் ஒளிவட்டத்தின் ஓரம் கண்ணுக்குள் போகாமல் வீணாகும். அவர்களுக்கு 10×50 பொருத்தம். பறவையும் வானமும் இரண்டும் வேண்டுமென்றால் 8×42 எடுக்கலாம். ஒளிவட்டம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கையும் தாங்கும்.

சிறுவனின் பைனாகுலர் உண்மையில் 8×25. பகலில் வேடந்தாங்கலில் கொக்கு, நாரை பார்க்க அது போதும். இரவுக்குத்தான் வாசல் சிறிது. அன்றிரவு அவன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றி அதைக் கார்த்திகை நட்சத்திரத்தை நோக்கிப் பிடித்தான். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிந்த இடத்தில் பதினைந்துவரை எண்ணிவிட்டு, என்னுடைய 10×50ஐக் கேட்டு வாங்கினான். “எண்ண முடியலை மாமா,” என்றான்.