ஐந்து டிரேடில் காணாமல் போகும் லாபம்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி, 1956இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜெயிக்கும் வாய்ப்பு நமக்குச் சற்றே அதிகமாக இருக்கும் பந்தயத்தில், கையிருப்பில் எத்தனை பங்கை வைத்தால் பணம் நீண்ட காலத்தில் மிக வேகமாக வளரும் என்பதை அது கணக்கிட்டுக் காட்டியது. கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் அந்தச் சூத்திரத்தை முதலில் சீட்டாட்ட மேசையிலும், பிறகு பங்குச் சந்தையிலும் பயன்படுத்தினார்.

f = p − (1 − p) / b

இதில் p என்பது ஜெயிக்கும் வாய்ப்பு. ஒரு ரூபாய் ரிஸ்க்குக்குக் கிடைக்கும் லாபம் b. விடையாக வரும் f, ஒரு டிரேடில் இழக்கத் துணியும் பங்கு. பங்கு வாங்கப் போடும் முழுத் தொகை அல்ல இது.

ஒரு டிரேடரிடம் 1 லட்சம் ரூபாய் இருக்கிறது. அவருடைய பழைய 200 டிரேடுகளில் 110 லாபம், 90 நஷ்டம். லாபமும் நஷ்டமும் ஒரே அளவு. அதாவது p 0.55, b 1. சூத்திரம் 10 சதவீதம் என்கிறது. 100 ரூபாய்ப் பங்கை வாங்கி, 80இல் ஸ்டாப்லாஸும் 120இல் இலக்கும் வைத்தால், 10,000 ரூபாய் ரிஸ்க்குக்கு 500 பங்குகள் வாங்கலாம்.

அடுத்த 200 டிரேடுகளிலும் 110 ஜெயித்து, ஒவ்வொரு முறையும் அப்போதைய கையிருப்பில் 10 சதவீதத்தைப் பணயம் வைத்தால், 1 லட்சம் சுமார் 2.72 லட்சமாகும். 5 சதவீதம் மட்டும் வைத்திருந்தால் 2.12 லட்சம்.

இப்போது 110க்குப் பதில் 105 மட்டுமே ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம். 10 சதவீதக்காரரிடம் 1 லட்சத்துக்கும் சற்றுக் குறைவாகவே மிஞ்சும். 5 சதவீதக்காரரிடம் 1.28 லட்சம் இருக்கும். ஐந்து டிரேடுகள் மாறியதில் ஒருவரின் லாபம் முழுவதும் கரைந்துவிட்டது.

200 டிரேடுகளில் ஏழெட்டு வெற்றி கூடுவதும் குறைவதும் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே நடக்கும். ஆகவே அந்த 55 சதவீதம் ஒரு மதிப்பீடுதான். உண்மையான வாய்ப்பு 52.5 சதவீதமானால் சரியான அளவு 5 சதவீதம். 10 சதவீதம் அதன் இரட்டிப்பு. இரட்டிப்பாகப் போட்டால் வளர்ச்சி ஏறக்குறைய பூஜ்யம். அதையும் தாண்டினால் ஜெயிக்கும் உத்தியே பணத்தைக் கரைக்கும்.

இதனால்தான் டிரேடர்கள் ‘அரை கெல்லி’, ‘கால் கெல்லி’ என்று குறைத்துக்கொள்கிறார்கள். கணிப்பு சரியாகவே இருந்தாலும், பாதியாகக் குறைப்பவர் இழப்பது வளர்ச்சி வேகத்தில் சுமார் கால் பங்குதான். ஏற்ற இறக்கமோ பாதியாகிவிடும். முழு கெல்லியில் தொடக்கத் தொகை என்றாவது பாதியாகச் சரிய இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அரை கெல்லியில் அது எட்டில் ஒன்று.

சூத்திரம் கணக்கில் எடுக்காத ஆபத்துகளும் உண்டு. மோசமான செய்தி வந்த மறுநாள் பங்கு 70இல் திறந்தால், 80இல் வைத்த ஸ்டாப்லாஸ் 70 அளவில்தான் நிறைவேறும். ஐந்து வங்கிப் பங்குகளில் தனித்தனியாக 10 சதவீதம் ரிஸ்க் எடுத்தவருக்கு, எல்லா வங்கிகளும் சேர்ந்து சரியும் நாளில் பாதிப் பணம் போய்விடும்.