லிங்க் அனுப்பும் நம்பரை முடக்க ஒரு கடிதம்

பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லாததால் இரண்டு முறை முயன்றும் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்க்கில் முகவரியைச் சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். இந்திய அஞ்சல் துறையின் பெயரில் நாடெங்கும் சுற்றிய இந்தக் குறுஞ்செய்தி போலியானது என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2024-ல் எச்சரித்தது. லிங்க்கைத் தொட்டால் அஞ்சல் துறையின் தளத்தைப் போலவே ஒரு பக்கம் திறக்கும். மறுபடி டெலிவரி செய்யச் சிறு கட்டணம் என்று கார்டு விவரத்தைக் கேட்கும். குறி அந்தச் சிறு கட்டணம் அல்ல, கார்டு விவரம்.

சேலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இந்தச் செய்தி ஒரே பத்து இலக்க நம்பரிலிருந்து வாரத்தில் நான்கு முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்தப் பார்சலுக்கும் காத்திருக்கவில்லை, அதனால் ஏமாறவும் இல்லை. ஆனால் எரிச்சல் தாங்காமல் தன் மொபைல் கம்பெனிக்கு மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதுகிறார்: "இந்த நம்பரிலிருந்து மோசடி லிங்க் வருகிறது. தயவுசெய்து பிளாக் செய்யவும்." உங்கள் போனிலேயே பிளாக் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்று பணிவாக ஒரு பதில் வருகிறது.

கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கேட்டது அவருக்கு மட்டும் அந்த நம்பர் வராமல் செய்வது. அதைப் போனில் அரை நிமிடத்தில் அவரே செய்துவிடலாம். அவர் கேட்டிருக்க வேண்டியது வேறு: அந்த நம்பரை விசாரித்து, அதன் சேவையையே நிறுத்துவது. முதலாவது வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வரும் பத்தோடு பதினொன்றான கோரிக்கை. இரண்டாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதிப்படி பதிவாக வேண்டிய புகார். அதற்குக் காலக்கெடு உண்டு, தண்டனையும் உண்டு.

அந்த விதிமுறை 2018-ல் வந்தது. வேண்டாத வணிகச் செய்திகளைக் கட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை. 2025 பிப்ரவரியில் டிராய் அதைத் திருத்தியபோது புகார் கொடுப்பவருக்குப் பல விஷயங்கள் எளிதாகின. முன்பு செய்தி வந்த 3 நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும், இப்போது 7 நாட்கள். முன்பு பதிவு பெறாத நம்பர் மீது நடவடிக்கை எடுக்கக் கம்பெனிக்கு 30 நாள் அவகாசம், இப்போது 5 நாட்கள். விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தால்தான் புகார் எடுபடும் என்ற நிலையும் மாறி, பதிவு பெறாத நம்பர் மீது யார் வேண்டுமானாலும் புகார் தரலாம் என்றானது. எல்லாவற்றையும்விட உபயோகமான திருத்தம் இன்னொன்று: புகார் கொடுப்பவரின் நம்பர், செய்தி அனுப்பிய நம்பர், வந்த தேதி, செய்தியைப் பற்றிச் சுருக்கமான விவரம் ஆகிய நான்கும் இருந்தால் அது செல்லத்தக்க புகார். விவரம் போதவில்லை என்று தட்டிக்கழிக்க இனி இடமில்லை.

ஆசிரியையின் முதல் கடிதத்தில் இந்த நான்கில் ஒன்று இல்லவே இல்லை. தேதி. இன்னொன்று, அதாவது செய்தியின் விவரம், அரைகுறையாக இருந்தது. அதே கடிதத்தை அவர் இப்படி எழுதியிருக்கலாம்:

"பொருள்: மோசடி லிங்க் அனுப்பும் நம்பர் மீது விசாரணையும் சேவை நிறுத்தமும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் இணைப்பு (நம்பர் …) என் பெயரில் உள்ளது. இதற்கு … என்ற பத்து இலக்க நம்பரிலிருந்து இம்மாதம் 3, 4, 6, 7 ஆகிய தேதிகளில் குறுஞ்செய்திகள் வந்தன. கடைசிச் செய்தி 7-ம் தேதி காலை 11.20 மணிக்கு வந்தது. நான்கும் அஞ்சல் துறையின் பெயரைச் சொல்லி, பார்சல் முகவரியைத் திருத்த ஒரு லிங்க்கைத் தொடச் சொல்கின்றன. அந்த லிங்க் அஞ்சல் துறையின் தளத்துக்குரியது அல்ல. நான் அதைத் திறக்கவில்லை, பணம் எதையும் இழக்கவில்லை. நான்கு செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்களும் இணைப்பில் உள்ளன.

இதை டிராயின் 2018-ம் ஆண்டு விதிமுறையின் கீழ் புகாராகப் பதிவு செய்து, புகார் எண்ணை எனக்குத் தெரிவிக்கவும். அந்த நம்பர் வேறு நிறுவனத்துக்குரியதாக இருந்தால் அந்த நிறுவனத்துக்கு அனுப்பி, எடுத்த நடவடிக்கையையும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இந்தக் கடிதத்தில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அது மோசடிக்காரர் என்று யாரையும் குற்றம் சாட்டவில்லை, இந்த நம்பரிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறது. அது மரியாதைக்காக அல்ல. போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நிறுவியவர்களின் போனுக்குள் ஒரு தீய செயலி புகுந்துகொள்கிறது. அந்தப் போனிலிருந்தே மற்றவர்களுக்கும் அதே கோப்பு போகலாம். நம்பரின் சொந்தக்காரர் தானே ஏமாந்தவராக இருக்கலாம். வேறொருவரின் அடையாளத்தைக் காட்டி வாங்கிய சிம்மாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது கம்பெனியின் பொறுப்பு.

இரண்டாவது, கடைசி வாக்கியம். அனுப்பிய நம்பர் எந்தக் கம்பெனியுடையது என்று புகார் கொடுப்பவருக்குத் தெரியாது. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி வந்த பிறகு, முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்துக் கம்பெனியைச் சொல்லும் பழைய கெட்டிக்காரத்தனம் செல்லாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. புகாரைத் தன் சொந்தக் கம்பெனியிடம் கொடுத்தால் போதும். அது அனுப்பிய பக்கத்துக் கம்பெனிக்குப் புகாரைக் கடத்துகிறது. விசாரித்து இணைப்பை நிறுத்தும் அதிகாரம் அந்தப் பக்கத்துக் கம்பெனியிடம் இருக்கிறது.

லிங்க்கைக் கடிதத்தில் தட்டச்சு செய்வதாக இருந்தால் ஒரு ஜாக்கிரதை வேண்டும். முழுதாக எழுதினால் படிப்பவர் கை தவறித் தொட்டுவிட முடியும். சைபர் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள் புள்ளியை [.] என்று அடைப்புக்குள் போட்டு எழுதுவார்கள், அப்போது அது தொட்டால் திறக்காது. லிங்க் போலியா என்று சொல்ல அதைத் திறக்கத் தேவையில்லை. தொடக்கத்தில் https:// இருந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பது எது என்று பார்த்தால் போதும். அஞ்சல் துறையின் தளம் indiapost.gov.in. முன்பகுதியில் அந்தப் பெயர் இருந்து, சாய்கோட்டுக்கு முன்னால் .top போன்ற வேறு முடிவு இருந்தால் அது வேறொருவரின் தளம்.

எல்லாரும் கடிதம்தான் எழுத வேண்டும் என்பதில்லை. 1909 என்ற எண்ணுக்கு வந்த செய்தி, அனுப்பிய நம்பர், தேதி மூன்றையும் காற்புள்ளியிட்டுக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம், அழைத்தும் சொல்லலாம். டிராயின் டிஎன்டி செயலியிலும் பதியலாம். கடிதத்துக்கு உள்ள தனி வலு, திரும்பத் திரும்ப வரும் செய்திகளை ஒரே இடத்தில் தேதிவாரியாகக் காட்டுவதும், கையில் ஒரு நகல் இருப்பதும். 1909-ல் புகார் கொடுத்துவிட்டு அந்தப் புகார் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுவதுதான் இரண்டிலும் நல்லது.

கடிதம் எட்டாத இடங்களும் உண்டு. அதே பார்சல் செய்தி வாட்ஸ்அப்பிலோ ஐபோனின் ஐமெசேஜிலோ வந்திருந்தால் அது மொபைல் கம்பெனியின் குறுஞ்செய்திப் பாதையில் வரவே இல்லை. இணையம் வழியாக வந்தது. அதை 1909 கவனிக்காது. +91 அல்லாத வெளிநாட்டு நம்பரிலிருந்து வந்திருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் இங்குள்ள எந்தக் கம்பெனிக்கும் இல்லை. பத்து இலக்க நம்பருக்குப் பதில் ஆங்கில எழுத்துகளாலான தலைப்புப் பெயரில் வந்திருந்தால், அது பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயர். புகாரில் அந்தப் பெயரை அப்படியே, இடையில் வரும் கோடுகளையும் விடாமல் எழுத வேண்டும். அப்படிப் பதிவு பெற்ற பெயர்களில் வரும் செய்திகளில், முன்கூட்டி ஒப்புதல் பெறாத லிங்க் இருந்தால் கம்பெனிகள் அதைத் தடுத்துவிட வேண்டும் என்ற ஏற்பாடு 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. மோசடிக்காரர்கள் சாதாரண பத்து இலக்க சிம்மைத் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட்ஸ்அப்பில் வந்ததற்கு வேறு வாசல் இருக்கிறது. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2024 மார்ச்சில் தொடங்கிய சக்ஷு, sancharsaathi.gov.in தளத்தில் உள்ளது. அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் மூன்றுமே அங்கே செல்லும். கடந்த 30 நாட்களுக்குள் வந்ததாக இருக்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்க்கலாம். சந்தேகத்துக்குரிய சிம்மை வைத்திருப்பவரின் அடையாளத்தை மீண்டும் சரிபார்க்கச் சொல்வதற்கும், தேறாததைத் துண்டிப்பதற்கும் இந்தத் தகவல் பயன்படுகிறது. ஆசிரியை போன்றவர்கள் கடிதம், சக்ஷு இரண்டையுமே செய்வதில் தவறில்லை. பணம் ஏற்கெனவே போயிருந்தால் மட்டும் இவை எதுவும் முதல் வேலை அல்ல. உடனே 1930-ஐ அழைக்க வேண்டும், கடிதத்தை மறுநாள் எழுதலாம்.

கம்பெனி பதில் தராவிட்டால்? ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும் என்பது விதி. அவரது மின்னஞ்சல் முகவரி கம்பெனியின் தளத்தில் இருக்கும். ஆனால் அவர் முதலில் கேட்பது புகார் எண்ணைத்தான். பலர் கடிதம் அனுப்பிவிட்டு அந்த எண்ணை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். அப்போது மேல்முறையீட்டில் காட்ட எதுவுமே இருக்காது.

இனி, ஒரு கடிதத்தால் நம்பர் முடங்கிவிடுமா என்ற கேள்வி. பெரும்பாலும் முடங்காது. கடந்த 10 நாட்களில் ஐந்து வெவ்வேறு பேரிடமிருந்து புகார் வந்தால்தான் கடும் நடவடிக்கைக்கான வரம்பு எட்டப்படுகிறது. 2025 திருத்தத்துக்கு முன் இது 7 நாட்களில் பத்துப் புகார் என்று இருந்தது. தவறு உறுதியானால் முதல் முறை 15 நாட்களுக்கு அந்த நம்பரிலிருந்து வெளியே எதுவும் போகாதபடி நிறுத்தப்படும். மறுபடி செய்தால் அனுப்பியவரின் எல்லா இணைப்புகளும், எந்தக் கம்பெனியில் இருந்தாலும், ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். ஒரே ஆள் ஐந்து கடிதம் எழுதினாலும் அது ஒரு ஆள் கணக்குதான். ஆகவே அதே நம்பரிலிருந்து அதே செய்தி பக்கத்து வீட்டுக்காரருக்கோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் மாமாவுக்கோ வந்திருந்தால், 'ஜாக்கிரதை' என்று ஃபார்வர்டு செய்வதோடு நிற்காமல், அவரவர் போனிலிருந்து அவரவர் 1909-க்கு ஒரு புகார் அனுப்பச் சொல்லுங்கள்.