கோட்டின் நுனி எங்கே நிற்கிறது?

‘தாவரச் செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறி.’ உயிரியல் கேள்வித்தாளில் பலரும் பார்த்துப் பழகிய வரி இது. படம் அழகாக இருக்கும், பெயர்களும் பிழையில்லாமல் இருக்கும், ஆனாலும் மதிப்பெண் குறைந்திருக்கும். வீட்டில் அப்பா விடைத்தாளை விரித்து, “எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கு?” என்பார். அவர் பார்ப்பது பெயர்களை. திருத்தும் ஆசிரியர் பார்த்தது கோடுகளின் நுனியை.

ஒரு விடையை எடுத்துக்கொள்வோம். படத்துக்கு 2 மதிப்பெண், ஆறு பாகங்களுக்கு அரை அரையாக 3, மொத்தம் 5 என்று வைத்துக்கொள்வோம். மாணவி செவ்வக வடிவில் இரட்டைக் கோடு போட்டிருக்கிறாள். நடுவில் பெரிய வாக்குவோல், ஓரத்தில் உட்கரு, அங்கங்கே பசுங்கணிகங்கள். வலப்பக்கம் ஆறு பெயர்கள்.

செல்சுவரின் கோடு வெளிக்கோட்டைத் தொடுகிறது. சரி. சைட்டோபிளாசத்தின் கோடு எந்த உறுப்பின் மேலும் படாமல் உள்ளே வெற்றிடத்தில் முடிகிறது. சைட்டோபிளாசத்துக்கு அதுதான் இடம், அதுவும் சரி. வாக்குவோலின் கோடு அதன் எல்லைக்கோட்டைத் தொட்டதோடு நின்றுவிட்டது. எல்லையில் இருப்பது டோனோபிளாஸ்ட் என்ற சவ்வு. அதைத் தனியாகக் குறிக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கோடு குழப்பம்தான். இங்கே கேட்கவில்லை, ஆகவே அரை மதிப்பெண் உண்டு.

பசுங்கணிகத்தில்தான் சறுக்கல். கோடு அதை நோக்கித்தான் போகிறது, ஆனால் 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. ‘எதைச் சொல்ல வந்தாள் என்று தெரிகிறதே’ என்று மனம் இரங்கலாம். ஆனால் நுனி இருக்கும் இடம் சைட்டோபிளாசம். அந்தப் படத்தின்படி அவள் சைட்டோபிளாசத்துக்குப் பசுங்கணிகம் என்று பெயர் வைத்திருக்கிறாள். மதிப்பெண் இல்லை. பிளாஸ்மா சவ்வில் இதற்கு நேரெதிரான தவறு: கோடு இரட்டைக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது. சுவரைக் கடந்து போவது குற்றமல்ல, வெளியிலிருந்து வரும் கோடு கடந்துதான் ஆகவேண்டும். முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை என்பதுதான் பிழை. அதற்கும் பூஜ்யம்.

உட்கருவின் கோடு உள்ளே கறுப்பாக வரைந்த நியூக்ளியோலஸின் மேல் போய் நிற்கிறது. ஆசிரியர்கள் வாதாடுவது இந்த இடத்தில்தான். நியூக்ளியோலஸ் உட்கருவுக்குள் இருப்பதுதானே என்பது ஒரு கட்சி. நுனி தொடும் பொருளின் பெயர்தான் விடை என்பது இன்னொரு கட்சி. நியூக்ளியோலஸைத் தனியாகக் கேட்காதபோது அரை மதிப்பெண் கொடுப்பதே நியாயம். கேட்டிருந்தால் கொடுக்க முடியாது. எப்படி முடிவெடுத்தாலும் கட்டிலுள்ள கடைசித் தாள் வரை அதே முடிவாக இருக்கவேண்டும். ஆக, மாணவிக்குப் பாகங்களில் 3-க்கு 2.

பிளாஸ்மா சவ்வு மட்டும் இத்தனை பேரை ஏன் வழுக்கி விடுகிறது? நிமிர்ந்து நிற்கும் தாவரச் செல்லில் உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தால் சவ்வு சுவரோடு ஒட்டியே இருக்கும். அதன் தடிமனும் சொற்பம்: ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஏழெட்டுப் பங்கு. சாதாரண ஒளி நுண்ணோக்கி சுமார் 200 பங்குக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. வெங்காயத் தோலை ஆய்வகத்தில் பார்க்கும் பிள்ளை சவ்வைத் தனியாகப் பார்த்ததே இல்லை. புத்தகப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறது. அதனால் இரட்டைக் கோட்டை ஒருவர் சுவரின் இரண்டு ஓரங்களாக வரைகிறார், இன்னொருவர் வெளிக்கோடு சுவர், உள்கோடு சவ்வு என்று வரைகிறார். செல்சுவரின் கோடு இரண்டுக்கும் நடுவில் முடிந்தால் முதலாமவருக்குச் சரி, இரண்டாமவருக்கு அது வெறும் இடைவெளி. அவர் எந்த வகை என்பதைச் சவ்வின் கோடு எங்கே தொடுகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு குறியைத் திருத்த இன்னொரு குறியைப் படிக்கவேண்டிய அபூர்வமான இடம் இது.

கோடு குறைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை அல்ல, கை போகும் திசை. பெயரை முதலில் எழுதிவிட்டு அங்கிருந்து படத்தை நோக்கிக் கோடு இழுத்தால், அவசரத்தில் பென்சில் செல்லின் ஓரத்திலேயே எழும்பிவிடும். பென்சில் முனையை உறுப்பின் மேல் ஊன்றி, அளவுகோல் வைத்து வெளிப்பக்கம் இழுத்து, கடைசியில் பெயரை எழுதினால் குறையவே வழியில்லை. அம்புக்குறியும் வேண்டாம், அதன் தலையே ஒரு மைட்டோகாண்ட்ரியாவை மூடிவிடும்.

திருத்துபவர் பெயரின் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டால் பிள்ளை பெயரைத்தான் மாற்றி மனப்பாடம் செய்யும். நுனியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு சின்ன வட்டம் போட்டால் பிழை இருக்கும் இடம் தெரியும். கோட்டை அவரே நீட்டிவிடுவது மட்டும் கூடாது. பிளஸ் டூ மாணவர்கள் விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீடு கேட்கும்போது இன்னொரு சிக்கலும் வரலாம்: பென்சிலை அழுத்தாமல் இழுத்த கோடு நகலில் மங்கி, அசலில் உறுப்பைத் தொடும் நுனிகூடத் தொடாததுபோலத் தெரியக்கூடும்.