தூக்கத்திற்கு வலேரியன், எல்-தியனைன், கெமோமில்: ஓர் ஒப்பீடு

வலேரியன், எல்-தியனைன், கெமோமில் ஆகிய மூன்றும் மருத்துவரின் சீட்டு இல்லாமலே பல நாடுகளில் தூக்கத்திற்காக விற்கப்படும் பொருட்கள் ஆகும். கடைகளில் ஒரே அடுக்கில் வைக்கப்பட்டாலும் இவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. வலேரியன் ஒரு செடியின் வேர். எல்-தியனைன் தேயிலையில் உள்ள ஓர் அமினோ அமிலம். கெமோமில் ஒரு பூ. தூக்க மாத்திரைகளைப் போல இவை ஆளை உறங்க வைப்பதில்லை. இவற்றின் பயன் சிறியது. காலையில் ஏற்படும் மந்தத்திற்கு இவை காரணமா என்பதையும் தனியே பார்க்க வேண்டியுள்ளது.

வலேரியன்

வலேரியானா அஃபிசினாலிஸ் என்னும் செடியின் உலர்ந்த வேரே மருந்தாகப் பயன்படுகிறது. இதிலுள்ள வலேரினிக் அமிலம், மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளில் செயல்படுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆய்வுகளில் பெரும்பாலும் 300 முதல் 600 மில்லிகிராம் வரை வேர்ச்சாறு, படுப்பதற்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் முன்பு கொடுக்கப்பட்டது.

முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, போலி மாத்திரை எடுத்தவர்களைவிட வலேரியன் எடுத்தவர்கள் சராசரியாகச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினர். இந்த வேறுபாடு சிறியது என்பதாலும், சான்றுகள் வலுவாக இல்லாததாலும், தூக்கமின்மை நோய்க்கு வலேரியனைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அக்கழகம் கூறியது. ஆய்வு செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. வலேரியன் வேருக்கு அழுக்குக் காலுறை போன்ற கடுமையான வாசனை இருப்பதால், தமக்குக் கிடைத்தது மருந்தா போலியா என்பதைப் பங்கேற்பாளர் எளிதில் ஊகித்துவிடலாம்.

எல்-தியனைன்

இது 1949-இல் ஜப்பானில் பச்சைத் தேயிலையிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. குடலிலிருந்து இரத்தத்திற்கும் அங்கிருந்து மூளைக்கும் செல்லக்கூடியது. சுமார் ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை அடைந்து, பின்னர் விரைவாகக் குறைகிறது. விழிப்பான ஓய்வு நிலையில் தோன்றும் ஆல்ஃபா மூளை அலைகளை இது கூட்டுவதாகச் சில ஆய்வுகள் கண்டன. எனவே இதை உறக்கமூட்டி என்பதைவிடப் பதற்றம் தணிப்பான் என்பதே பொருத்தம். எண்ணங்கள் ஓயாமல் ஓடுவதால் தூக்கம் வராதவருக்குச் சிறிது உதவலாம். நடு இரவில் விழித்துக்கொள்பவருக்கு உதவும் என்பதற்குச் சான்று குறைவு.

ஆய்வுகளில் வழக்கமான அளவு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம். இந்த அளவைத் தேநீரில் பெற நினைப்பது பயன் தராது. ஒரு கோப்பைக் கறுப்புத் தேநீரில் ஏறக்குறைய 20 முதல் 25 மில்லிகிராம் தியனைனே உள்ளது. 200 மில்லிகிராமுக்கு எட்டு முதல் பத்துக் கோப்பை குடிக்க வேண்டும். அதனுடன் 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட காஃபின் உடலில் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

கெமோமில்

சீமைச்சாமந்தி என்றும் அழைக்கப்படும் இப்பூவில் அபிஜெனின் என்ற பொருள் உள்ளது. இதுவும் காபா ஏற்பிகளுடன் மெலிதாக இணைகிறது. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 34 பேர் 28 நாட்கள் கெமோமில் சாறோ போலி மாத்திரையோ எடுத்தனர். சாறு 270 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை கொடுக்கப்பட்டது. தூங்கிய நேரம், தூக்கம் வர ஆன நேரம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கோப்பைத் தேநீரில் இறங்கும் அளவு இன்னும் குறைவாகவும் நிலையற்றதாகவும் இருக்கும். விளக்கைக் குறைத்து, கைப்பேசியை வைத்துவிட்டு, சூடாக ஒன்றைக் குடிக்கும் வழக்கத்தால் கிடைக்கும் அமைதியும் அதன் பயனில் ஒரு பங்காக இருக்கலாம். படுக்கப்போகும் நேரத்தில் பெரிய கோப்பை குடித்தால் சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும் என்பதால், ஒரு மணி நேரம் முன்னதாகக் குடிப்பது நல்லது.

காலை மந்தம்

இம்மூன்றில் காலை மந்தத்துடன் அதிகம் தொடர்புபடுத்தப்படுவது வலேரியனே. 1982-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், வலேரியன் வேர்ச்சாறு மட்டும் எடுத்தவர்கள் தூக்கத்தின் தரம் கூடியதாகக் கூறினர். வலேரியனும் ஹாப்ஸ் பூவும் கலந்த மாத்திரையை எடுத்தவர்களில், மறுநாள் காலை வழக்கத்தைவிடத் தூக்கக் கலக்கமாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகரித்தனர். கலவை மாத்திரை வாங்கும்போது உள்ளே என்னென்ன உள்ளன என்று பார்ப்பதன் தேவையை இது காட்டுகிறது. மெலடோனினோ தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்தோ கலந்திருந்தால், மந்தம் அதனால் வந்ததாக இருக்கலாம்.

விழித்தவுடன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும் கலக்கம் எவருக்கும் இயல்பானது. முற்பகல் வரை நீடிக்கும் மந்தத்திற்கே காரணம் தேட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவர் இரவு 11.45 மணிக்கு 450 மில்லிகிராம் வலேரியன் எடுக்கிறார். 1 மணிக்குத் தூங்கி 5.30-க்கு அலாரம் வைத்து எழுகிறார். பத்து மணி வரை தலை கனமாக உள்ளது. மாத்திரையே காரணம் என்று தோன்றும். ஆனால் அவர் தூங்கியது நான்கரை மணி நேரம்தான். இதைப் பிரித்தறிய, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதல் வாரம் மாத்திரை இல்லாமல், இரவு 11 முதல் காலை 6.30 வரை படுக்கையில் இருக்க வேண்டும். எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, மந்தத்திற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் குறிக்க வேண்டும். இரண்டாம் வாரம் அதே நேரங்களைக் காத்து, இரவு 10 மணிக்கு மாத்திரை எடுத்து அதேபோல் குறிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே மந்தம் நீங்கி, இரண்டாம் வாரத்திலும் திரும்பாவிட்டால் குறை தூக்க நேரத்தில்தான் இருந்தது. இரண்டாம் வாரத்தில் மட்டும் திரும்பினால் மாத்திரையை ஐயப்படலாம். அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ தீர்வு. போதிய நேரம் தூங்கியும் இரண்டு வாரமும் மந்தம் இருந்தால், குறட்டையுடன் மூச்சு தடைபடும் நோய் போன்ற வேறு காரணத்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.

யார் தவிர்க்க வேண்டும்

தூக்க மாத்திரை, பதற்ற மருந்து, மது ஆகியவற்றுடன் வலேரியன் சேர்ந்தால் மயக்கம் கூடலாம். மந்தம் இருக்கும் காலையில் வண்டி ஓட்டக் கூடாது. கெமோமில் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்த்தீனியமும் அதே குடும்பம் என்பதால், பார்த்தீனிய ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கெமோமில் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் வலேரியன் பரிந்துரைக்கப்படுவதில்லை.

வாரத்தில் மூன்று இரவுகள் வீதம் மூன்று மாதங்களாகத் தூக்கம் கெட்டிருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மையாகக் கருதப்படுகிறது. அதற்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது, படுக்கை நேரத்தையும் தூக்கம் பற்றிய பழக்கங்களையும் எண்ணங்களையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகும்.