எட்டரை நிமிடமா, ஆறு நிமிடமா?

முட்டை வேக எத்தனை நிமிடம்? வீட்டுக்கு வீடு ஒரு பதில் உண்டு. பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூலில், ஒரு கோளத்துக்குள் வெப்பம் எப்படி நகர்கிறது என்ற கணக்கு இருக்கிறது. முட்டையையும் கோளமாக நினைத்துக்கொண்டால் (கோழி மன்னிக்கட்டும்!) அந்தக் கணக்கு அடுப்படிக்கு வந்துவிடும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக இயற்பியலாளர் சார்லஸ் வில்லியம்ஸ் இந்த வழியில் முட்டைக்கென்றே ஒரு சூத்திரம் தந்திருக்கிறார்.

கொதிக்கிற நீரில் போட்டதுமே ஓடு ஏறத்தாழ 100 டிகிரி ஆகிவிடுகிறது. ஆனால் உள்ளே இருப்பது புரண்டு ஓடாத குழம்பு. வெப்பம் அடுக்கடுக்காகக் கைமாறித்தான் நடுவுக்குப் போக வேண்டும். அதனால் நேரம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50 கிராம் முட்டையைவிட 60 கிராம் முட்டை 13 சதவீதம் கூடுதல் நேரம் கேட்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50 கிராம் முட்டை, தொடக்கத்தில் 30 டிகிரி. மஞ்சள் கரு 65 டிகிரியை ஒட்டிக் கெட்டிப்படத் தொடங்கும். 70ஐத் தாண்டினால் இறுகும். நடுப்புள்ளி 65ஐத் தொட வேண்டும் என்றால் சூத்திரம் சொல்வது எட்டரை நிமிடம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து 5 டிகிரியில் எடுத்த முட்டைக்கு பத்தேகால் நிமிடத்துக்குச் சற்று மேல்.

எட்டரை நிமிடத்தில் எடுத்து உரித்தால் இளகலான மஞ்சள் கரு கிடைக்குமா? கிடைக்காது. சூத்திரம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் தவறு. நடு 65 டிகிரியாக இருக்கும் அந்தக் கணத்தில் முட்டையின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 89! வெளியடுக்குகளில் தேங்கிய வெப்பம், அடுப்பை அணைத்த பிறகும் உள்ளேதான் போய்க்கொண்டிருக்கும். தட்டில் அப்படியே விட்டால் நடு 80ஐத் தாண்டிவிடும்.

உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால்? குளிர்ச்சியும் அதே அடுக்குகள் வழியாக, அதே ஆமை வேகத்தில்தான் நடுவை எட்ட வேண்டும். அதற்குள் நடு 76 டிகிரி வரை ஏறிவிடுகிறது.

ஆகவே முன்கூட்டியே எடுக்க வேண்டும். சரியாக 6 நிமிடத்தில் எடுத்து 25 டிகிரித் தண்ணீரில் போடுவதாக வைத்துக் கணக்கிட்டால், எடுக்கும்போது நடு வெறும் 50 டிகிரிதான். மூன்றரை நிமிடம் கழித்து அது 65ஐ ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. ஆறு நிமிடம் என்று அனுபவத்தில் சொல்லும் சமையல்காரர்கள் ஃபூரியேவைப் படித்தவர்கள் இல்லை.

கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் இது எடுபடாது. அங்கே தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். நடு 80 டிகிரியாகும்படி நன்றாக வேக, கடலோரத்தில் 12 நிமிடம் போதும். லேயில் அதே முட்டைக்கு 16 நிமிடத்துக்கு மேல் வேண்டும். நீரின் வெப்பம் இலக்கை நெருங்க நெருங்க, கடைசிச் சில டிகிரிகள் இழுத்துக்கொண்டே போகும். தீயைக் கூட்டினாலும் பயனில்லை. அங்கே பிரஷர் குக்கர்தான் துணை.