அசலும் நகலும் - 9: மீட்டர் திருப்பிய ஹார்டு டிஸ்க்

2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸே கணினிச் செய்தித் தளத்துக்கு வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கின. புதியது என்று பில் போட்டு வாங்கிய சீகேட் எக்ஸோஸ் ஹார்டு டிஸ்க்குகள் உண்மையில் பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்தவை என்பதுதான் புகார். அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் புகார்கள் வந்தன. பெயர் பெற்ற கடைகளில் வாங்கியவர்களும் ஏமாந்திருந்தார்கள். தங்களுக்கே புதிய சரக்கு என்றுதான் வந்தது என்றார்கள் கடைக்காரர்கள்.

போலி என்றதும் நம் நினைவுக்கு வருவது மட்டமான நகல். இது அப்படியல்ல. டிஸ்க்கைச் செய்தது சீகேட்தான். பொய்யானது அதன் வயது மட்டுமே. ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை 'ஸ்மார்ட்' என்ற பதிவில் தானே குறித்து வைக்கும். பழைய காரை விற்கும்போது கிலோமீட்டரைத் திருப்பி வைப்பதுபோல, அந்தப் பதிவைப் பூஜ்யமாக்கி, துடைத்து, புது உறையில் போட்டு விற்றிருக்கிறார்கள்.

பிடிபட்டது வேறொரு பதிவால். சீகேட் தன் டிஸ்க்குகளில் 'ஃபார்ம்' என்ற இன்னொரு குறிப்பையும் எழுதி வைக்கிறது. ஏமாற்றியவர்கள் அதைத் தொடவில்லை. அதைத் திறந்து பார்த்தபோது 15,000 மணி முதல் 50,000 மணி வரை ஓடியிருந்தது தெரிந்தது. இடைவிடாத ஓட்டமாகக் கணக்கிட்டால், 50,000 மணி ஐந்தரை ஆண்டுக்கும் மேல். பெரும்பாலானவை சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காகச் சீனாவில் ஓடியவை என்று சந்தேகிக்கப்படுகிறது. அந்த நாணயத்தை ஈட்ட வேண்டியது டிஸ்க் இடம். லாபம் குறைந்ததும் டிஸ்க்குகள் சந்தைக்கு வந்தன.

இவை எந்த வழியாக வந்தன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் அங்கீகாரம் இல்லாத இறக்குமதி வழி அது, கிரே மார்க்கெட். அதில் வரும் சரக்கெல்லாம் போலி என்று சொன்னால் அநியாயம். அசல் சரக்கும் அதே வழியில்தான் வருகிறது. ஆனால் பெட்டி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தடம் அங்கே அறுந்துபோகிறது. பழையதைப் புதியதோடு கலக்க அந்த இடைவெளி போதும்.

வாங்கியவருக்கு நஷ்டம் விலையோடு நிற்பதில்லை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று, ஒரு டிஸ்க் போனாலும் படங்கள் தப்பட்டும் என்று நான்கு டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கும் ஒரே கிடங்கில் தேய்ந்தவை என்றால், அடுத்தடுத்துப் படுக்கும் ஆபத்து அதிகம். ஒன்றை மாற்றித் தரவை மீட்கும்போதே இன்னொன்று போனால் படங்களும் போகலாம். நிறுவனத்தின் நஷ்டம் வேறு. எப்போதோ விற்ற பொருளுக்குப் புதிதுபோல வாரன்டி கேட்டு வருகிறார்கள். மறுத்தால் கெடுவது அதன் பெயர்.

நம் நாட்டுச் சட்டம் இந்த இறக்குமதியை ஒரேயடியாகத் தடுக்கவில்லை. சாம்சங் பிரின்டர் வழக்கில் 2012-ல் டெல்லி உயர்நீதிமன்ற அமர்வு, அசல் பொருளை வெளிநாட்டில் வாங்கி இங்கே விற்கலாம், ஆனால் சாம்சங்கின் வாரன்டியும் சர்வீஸும் கிடையாது என்று கடையில் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்றது. 2024-ல் பழைய ஹார்டு டிஸ்க்குகளைச் சீர்செய்து விற்றவர்கள்மீது சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் போட்ட வழக்கிலும் அதே நீதிமன்றம் விற்பனையை அனுமதித்தது. நிபந்தனை, பழையது, சீர்செய்தது, அசல் நிறுவனத்தின் வாரன்டி இல்லை என்பதெல்லாம் உறையில் இருக்க வேண்டும் என்பது. இந்த இரண்டு தீர்ப்புகளும் எனக்கு நியாயமாகவே படுகின்றன. பழையது என்று தெரிந்து குறைந்த விலைக்கு வாங்குபவர் ஏமாறுவதில்லை. சொல்லாமல் விற்பதுதான் திருட்டு.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். அதே எண்ணைச் சீகேட்டின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வேறொரு கணினி நிறுவனத்துக்கு விற்ற டிஸ்க் என்றோ, வாரன்டி காலம் பாதி கழிந்தது என்றோ வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு, தரவை ஏற்றுவதற்கு முன்பே, ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போட்டு, நிர்வாகி அனுமதியோடு இந்த இரண்டையும் ஓட்டுங்கள் (`/dev/sda` என்ற இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயர்):

```
smartctl -A /dev/sda
smartctl -l farm /dev/sda
```

முதலாவது ஸ்மார்ட் காட்டும் மணி, இரண்டாவது ஃபார்ம் காட்டும் மணி. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவதில் 2, இரண்டாவதில் 20,000 என்று வந்தால், திரையைப் படம் பிடித்துப் பில்லோடு கடைக்குப் போங்கள். ஃபார்ம் பதிவு சீகேட்டில் மட்டுமே உண்டு. மற்ற நிறுவனங்களின் டிஸ்க் என்றால் கேபிள் மாட்டும் முனையை வெளிச்சத்தில் பாருங்கள்; அங்கே உரசல் கோடுகள் இருந்தால் அது பழையதாக இருக்கலாம்.